நூல் மலிவு, துணி கூடுதல்: பொருள் விலை மாறுபாட்டையும் பயன்பாட்டு மாறுபாட்டையும் படிப்பது எப்படி

மாத முடிவுக் கூட்டம். திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டுக்கு நான் காஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்த காலம். கொள்முதல் பார்ப்பவர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நூலைக் கிலோவுக்கு 12 ரூபாய் குறைத்து வாங்கியிருந்தார், அறிக்கையில் அவர் பெயருக்கு நேராகச் சாதகம் என்று இருந்தது. கட்டிங் மாஸ்டர் தலை குனிந்திருந்தார். அவர் பகுதிக்கு நேராகப் பாதகம். முதலாளி அவரைப் பார்த்து, "என்னங்க மாஸ்டர், துணியை இப்படி வெட்டித் தள்ளியிருக்கீங்க?" என்றார்.

மாஸ்டர் சொன்னது ஒரே வரி: "துணி கனமா வருதுங்க. பீஸ் அதே பீஸ்தான். எடையில கேட்டா நான் என்னங்க பண்றது?"

அன்றைக்கு அந்த வரியை யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான். பத்து நாள் கழித்துத்தான் அவர் சொன்னது முழுக்கச் சரி என்று தெரிந்தது. அந்த அறிக்கையை எப்படிப் படித்திருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். எண்களை எளிமைக்காக முழுமையாக்கியிருக்கிறேன். நடந்த விதம் அப்படியேதான்.

முதலில் பட்ஜெட்டை நகர்த்துங்கள்

ஆர்டர் ஒரு சாதாரண ரவுண்டு நெக் டி-ஷர்ட். 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி துணி, 30-ம் நம்பர் கோம்டு நூல். அந்த மாத பட்ஜெட் 10,000 பீஸ். ஒரு பீஸுக்கு 250 கிராம் நூல், கிலோ 280 ரூபாய். ஆக 2,500 கிலோ, 7,00,000 ரூபாய்.

நடந்தது வேறு. 12,000 பீஸ் வெட்டித் தைக்க அனுப்பினார்கள். நூல் 3,300 கிலோ வாங்கினார்கள், கிலோ 268 ரூபாய். மொத்தம் 8,84,400 ரூபாய். அதில் 3,180 கிலோ பின்னலுக்குப் போனது, 120 கிலோ குடோனில் மீதி.

பட்ஜெட் 7,00,000, செலவு 8,84,400, எனவே 1,84,400 ரூபாய் கைமீறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். பல இடங்களில் இப்படியே சொல்லி, அதிலேயே சண்டையும் நடக்கிறது. இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 2,000 பீஸ் கூடுதலாகச் செய்தால் நூல் கூடத்தான் செய்யும். பட்ஜெட்டை உண்மையான உற்பத்திக்கு நகர்த்திய பிறகே ஒப்பிட வேண்டும். 12,000 பீஸுக்கு அனுமதிக்கப்பட்ட நூல் 3,000 கிலோ, அதன் ஸ்டாண்டர்டு மதிப்பு, அதாவது பட்ஜெட்டில் வைத்த 280 ரூபாய் விலையில் மதிப்பு, 8,40,000 ரூபாய். இனி இதுதான் நம் அளவுகோல்.

இங்கே ஒரு சின்ன கேள்வி வரும்: 12,000 என்பது வெட்டிய பீஸா, தைத்து முடித்த பீஸா, பெட்டியில் போன பீஸா? நூல், துணி பயன்பாட்டைப் பார்க்கும்போது, வெட்டித் தையலுக்குக் கொடுத்த பீஸை எடுங்கள். பெட்டியில் போன பீஸை எடுத்தால் தையலில் கெட்டுப்போனதெல்லாம் கட்டிங் தலையில் விழும்.

அந்த 250 கிராம் எங்கிருந்து வந்தது

ஸ்டாண்டர்டு என்பது வானத்திலிருந்து விழுவதல்ல. எந்தெந்தப் படியில் எவ்வளவு இழப்பு என்று கூட்டிக் கட்டியதாக இருந்தால்தான் பின்னால் மாறுபாட்டைப் பிரித்துப் பார்க்க முடியும். எங்களிடம் இருந்தது இது: நூல் 250 கிராம் நிட்டிங் போனால் 2% இழப்பு, 245 கிராம் கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி வரும். டையிங், காம்பாக்டிங் முடிந்து வரும்போது 8% இழப்பு, சுமார் 225 கிராம் துணி. அதை வெட்டினால் பீஸும் கட்டிங் வேஸ்ட்டும்.

போன வருடம் 250 ஆயிற்று, இந்த வருடமும் 250 என்று மொத்தமாக ஒரு எண் மட்டும் வைத்திருக்கும் யூனிட்கள் உண்டு. அங்கே பயன்பாட்டு மாறுபாடு வரும், ஆனால் அது எங்கே பிறந்தது என்று கேட்க வழி இருக்காது. போன வருடத்து வீணும் அந்த 250-க்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

விலை மாறுபாடு

வாங்கிய விலைக்கும் ஸ்டாண்டர்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்கிய அளவால் பெருக்க வேண்டும். எக்ஸெலில் ஸ்டாண்டர்டு விலை, வாங்கிய விலை, வாங்கிய கிலோ மூன்றையும் B2, B3, B4 கட்டங்களில் வைத்தால் இவ்வளவுதான்:

```
=(B2-B3)*B4
```

(280 − 268) × 3,300 = 39,600 ரூபாய். விடை பிளஸில் வந்தால் சாதகம், மைனஸில் வந்தால் பாதகம். சாதகம் என்ற சொல் இங்கே சொல்வது, ஸ்டாண்டர்டைவிடச் செலவு குறைந்தது என்பதை மட்டும்தான். வேலை நன்றாக நடந்தது என்று அது சொல்வதில்லை. இந்தச் சொல்லைப் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொள்வதில்தான் முக்கால்வாசிக் குழப்பம்.

வாங்கிய 3,300 கிலோவுக்கா, பயன்படுத்திய 3,180 கிலோவுக்கா எதற்குக் கணக்கிடுவது? நான் எப்போதும் வாங்கிய அளவைத்தான் எடுப்பேன். பில் வந்த அன்றே மாறுபாடு தெரிந்துவிடும், குடோனில் இருக்கும் நூலும் ஸ்டாண்டர்டு விலையிலேயே ஒரே சீராக இருக்கும். ஆனால் விலையால் கிடைத்த லாபத்தைப் பயன்பாட்டு நஷ்டத்தோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், பயன்படுத்திய 3,180 கிலோவுக்கு உரிய பங்கை மட்டும் எடுங்கள்: 12 × 3,180 = 38,160. மீதி 1,440 ரூபாய் இன்னும் குடோனில் இருக்கும் 120 கிலோவோடு கட்டிக் கிடக்கிறது. இந்த 38,160-ஐ நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

வாங்கிய விலை என்பதை எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பருத்தி நூலுக்கு ஜி.எஸ்.டி. 5%. அது உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைக்கும் என்றால் அதை விலையில் சேர்க்கக் கூடாது. ஒருமுறை புதிதாக வந்த பையன் பில் தொகையை அப்படியே எடை கொண்டு வகுத்துவிட்டான். 268 ரூபாய் 281 ரூபாய் 40 காசு ஆயிற்று. சாதகம் ஒரே நொடியில் பாதகமாக மாறிவிட்டது. வண்டி வாடகை வேறு கதை. ஸ்டாண்டர்டில் அது சேர்ந்திருந்தால் வாங்கிய விலையிலும் சேர வேண்டும், இல்லையென்றால் இரண்டிலும் வேண்டாம். கடன் நாளும் அப்படியே. 280 என்பது ஒரு மாதக் கடன் விலை, 268 என்பது ரொக்க விலை என்றால், அந்த 12 ரூபாயில் ஒரு பகுதி வட்டிதான்.

பயன்பாட்டு மாறுபாடு

அனுமதித்த அளவிலிருந்து பயன்படுத்திய அளவைக் கழித்து, ஸ்டாண்டர்டு விலையால் பெருக்குங்கள். (3,000 − 3,180) × 280 = −50,400. பாதகம்.

ஏன் 268-ஆல் பெருக்கவில்லை? விலைக்கு யார் பொறுப்போ அவரிடம் விலை முடிந்துவிட்டது. கட்டிங்கிலும் நிட்டிங்கிலும் இருப்பவர்களுக்கு நூலின் விலை கையில் இல்லை, கிலோ மட்டும்தான் இருக்கிறது. அதனால் அவர்கள் கணக்கில் விலை அசையாமல் நிற்க வேண்டும்.

இரண்டையும் கூட்டினால் 10,800 ரூபாய் பாதகம். கணக்கு பொருந்துகிறதா என்று ஒருமுறை கட்டிப் பாருங்கள்: ஸ்டாண்டர்டு 8,40,000, விலைச் சாதகம் 39,600 கழியுங்கள், பயன்பாட்டுப் பாதகம் 50,400 கூட்டுங்கள், குடோனில் உள்ள 120 கிலோ 280 ரூபாய் வீதம் 33,600 கூட்டுங்கள். 8,84,400. பில் தொகை அதேதான். இது பொருந்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் குடோன் இருப்பு எண்ணியதில்தான் தப்பு இருக்கும்.

பாடப் புத்தகம் இங்கே முடிந்துவிடும். எங்கள் கூட்டமும் இங்கேதான் முடிந்தது. கொள்முதல் நல்லது, கட்டிங் மோசம் என்று தீர்ப்பு.

180 கிலோ எங்கே போனது

ரூபாயை மூடி வைத்துவிட்டுக் கிலோவைத் துரத்துங்கள். 3,000 கிலோவில் 180 கிலோ என்பது 6%. சிறிய எண்ணல்ல. ஒவ்வொரு படியிலும் உள்ளே போன எடை, வெளியே வந்த எடை ஜாப் ஒர்க் சலானிலேயே இருக்கும். புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை.

நிட்டிங்கிற்கு 3,180 கிலோ போனது. கிரே துணி 3,084 கிலோ வந்தது. 2% இழப்பு என்றால் சுமார் 3,116 வந்திருக்க வேண்டும். 32 கிலோ கிரே குறைவு. அதை நூல் கணக்குக்கு மாற்ற 0.98-ஆல் வகுத்தால் 33 கிலோ நூல்.

டையிங்கிலிருந்து 2,837 கிலோ வந்தது. 3,084-இல் 8% கழித்தால் அதே 2,837. டையிங்கில் தப்பு எதுவும் இல்லை.

கட்டிங்கில் 12,000 பீஸுக்கு 2,705 கிலோ துணி போதும். போனது 2,837. கூடுதல் 132 கிலோ துணி. இதை நூலாக்க 0.98-ஆலும் 0.92-ஆலும் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 147 கிலோ. 33-உம் 147-உம் சேர்ந்தால் 180. முழுக் கணக்கும் வந்துவிட்டது.

பார்த்த மாத்திரத்தில் கட்டிங்தான் குற்றவாளி. 180-இல் 147 அங்கே. ஆனால் அந்த எண் சொல்வது, கூடுதல் அங்கே தெரிந்தது என்பதை மட்டும்தான். அங்கே பிறந்தது என்று அது சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் மாஸ்டரின் அந்த ஒரு வரி என் நினைவுக்கு வந்தது.

கட்டிங்கில் லே போடுவது, அதாவது துணியை அடுக்கடுக்காக விரிப்பது நீளத்தில். மார்க்கர் போடுவது, அதாவது பேட்டர்ன் துண்டுகளைத் துணியில் பொருத்தி வரைவது நீளம், அகலத்தில். கணக்கு எழுதுவது மட்டும் கிலோவில். ஒரு பீஸுக்கு எவ்வளவு சதுர மீட்டர் துணி போகும் என்பதைப் பேட்டர்ன் முடிவு செய்கிறது. அதே சதுர மீட்டர் எத்தனை கிலோ என்பதை முடிவு செய்வது ஜி.எஸ்.எம். துணி கனத்தால், ஒரு அங்குலம்கூட அதிகமாக வெட்டாமலேயே பயன்பாட்டு மாறுபாடு பாதகமாகிவிடும்.

ஜி.எஸ்.எம். கட்டரை எடுத்து மீதித் துணியில் பத்து இடத்தில் வட்டமாக வெட்டி எடை போட்டுப் பார்த்தோம். சராசரி 186. ஆர்டரில் இருப்பது 180. பையர் அனுமதிப்பது கூடவோ குறையவோ 5%, அதாவது 189 வரை. எனவே தரச் சோதனையில் எல்லா ரோலும் பாஸ் ஆகியிருந்தது. தரம் பார்ப்பவருக்கு இது பிரச்சினையே அல்ல, அவரைக் குறை சொல்லவும் முடியாது. பையருக்கு 180-க்கான காசு, நம்மிடமிருந்து போவது 186-க்கான பருத்தி. 5% தளர்வு தரத்துக்குப் போதுமானது, செலவுக்கு அது மிகப் பெரிது.

6 கிராம் என்பது 180-இல் 3.3%. 2,705 கிலோவில் 3.3% என்றால் 90 கிலோ துணி, நூலாக 100 கிலோ. ஆக 147-இல் 100 கிலோ கனத்தால் போனது. மாஸ்டரின் கத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மீதி 47 கிலோவுக்கு விடை லே டேபிளிலேயே கிடைத்தது. துணியின் அகலம் 65 அங்குலம், மார்க்கர் போட்டிருந்தது 64 அங்குலத்துக்கு. ஓரத்தில் ஒரு அங்குலம் நீளமாக, ரிப்பன் போலக் கழிந்து கீழே கிடந்தது. 64-இல் ஒன்று என்பது 1.5 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேல். கணக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. காம்பாக்டிங்கில் ஒரு அங்குலம் அகலமாக வந்துவிட்டது. வந்த பிறகு மார்க்கரை மாற்றிப் போடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இது கட்டிங்கும் காம்பாக்டிங்கும் பேசிக்கொள்ளாத குறை, இதில் மாஸ்டருக்கும் பங்கு உண்டு. அவரே ஒப்புக்கொண்டார்.

துணி ஏன் கனத்தது: நூலை எடை போடுங்கள்

ஜி.எஸ்.எம். கூடுவதற்குப் பொதுவாக இரண்டு காரணம் பார்க்கலாம். ஒன்று, நிட்டிங்கில் லூப் லென்த்தை, அதாவது ஒரு பின்னல் கண்ணிக்குப் போகும் நூல் நீளத்தை, இறுக்கிப் போட்டிருப்பார்கள். இரண்டு, நூலே சொன்ன நம்பரைவிடத் தடிமனாக இருக்கும். முதலாவது என்றால் பொறுப்பு நிட்டிங் யூனிட்டுக்கு. இரண்டாவது என்றால் அது நூல் வாங்கியவரிடம் திரும்பும். எது என்று சொல்லாமல் மாறுபாட்டை யார் பெயரிலும் எழுதக் கூடாது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நூற்கண்டு எத்தனை என்ற கணக்கு, எனவே நம்பர் குறைந்தால் நூல் தடிமன். ரேப் ரீலில் 120 கஜம் சுற்றி எடை போடுவார்கள். 64.8-ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். 30-ம் நம்பர் நூல் 120 கஜம் 2.16 கிராம் இருக்க வேண்டும். குடோனில் மீதியிருந்த 120 கிலோவிலிருந்து பல கோன்களை எடுத்து லேபுக்கு அனுப்பினோம். சராசரி 2.23 கிராம் சொச்சம். அதாவது 29-ம் நம்பர். ஒரே கோனை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஈரமான நூலை அப்படியே எடை போடவும் கூடாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சும் சரக்கு, லேபில் உரிய ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்த பிறகு அளந்தால்தான் நூற்பாலைக்காரர் ஒத்துக்கொள்வார்.

30-ஐ 29-ஆல் வகுத்தால் 1.034. 180-ஐ அதனால் பெருக்கினால் 186. துணியில் நாங்கள் பார்த்த அதே 186. நிட்டிங்காரரிடம் லூப் லென்த் கேட்டோம், ஆர்டரில் கொடுத்ததையே போட்டிருந்தார். சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

நிட்டிங்கில் காணாமல் போன 33 கிலோவும் இதே நூலின் வேலைதான். மெஷின் ஆபரேட்டர் சொன்னார்: "வழக்கமா வர்ற நூல் மாதிரி இல்லீங்க, அறுந்துட்டே இருக்குது." அறுந்த இடத்தில் ஓட்டை விழும், அந்தத் துணித் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் ரோலை எடை போடுவார்கள்.

இப்போது அந்த 50,400 ரூபாயைத் திரும்ப எழுதிப் பாருங்கள். நூல் அறுந்ததில் 33 கிலோ, 9,240 ரூபாய். நூல் தடித்ததில் 100 கிலோ, 28,000 ரூபாய். அகலம் பொருந்தாததில் 47 கிலோ, 13,160 ரூபாய். முதல் இரண்டும் சேர்ந்து 37,240 ரூபாய், இது நேராக அந்த மலிவு நூலின் கணக்கில் போகிறது. நினைவில் வைக்கச் சொன்ன 38,160-ஐ இதன் பக்கத்தில் வையுங்கள். சாதகம் என்று சிரித்ததில் மிச்சம் 920 ரூபாய்.

இந்த இரண்டு மாறுபாட்டிலும் வராத செலவு

அந்த 920-உம் நிற்கவில்லை. டையிங்கிற்குக் கூலி கிலோ கணக்கில். கனமான துணிக்குச் சாயக் கூலியும் கூட. நூல் தடித்ததால் கூடுதலாகச் சாயத்துக்குப் போன கிரே துணி 98 கிலோ. கிலோவுக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 8,820 ரூபாய். இது பொருள் மாறுபாட்டில் எங்கேயும் தெரியாது, ஜாப் ஒர்க் செலவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதையும் சேர்த்தால் மலிவு நூலால் வந்த நஷ்டம் 46,060 ரூபாய், லாபம் 38,160. நிகரமாக 7,900 ரூபாய் கையைக் கடித்தது.

நூல் அறுந்து மெஷின் நின்ற நேரம் இதில் இல்லை. நிட்டிங் நம் சொந்த மெஷினில் ஓடினால் அது கூலித் திறன் மாறுபாட்டில் வரும். வெளியே கொடுத்திருந்தால் இந்த மாதம் வராது. அடுத்த முறை நிட்டிங்காரர் ரேட் ஏற்றிக் கேட்பார், அப்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விலையை இன்னொரு முறை பாருங்கள்

கொள்முதல்காரர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அவர் சொன்னார், "சந்தையைவிடக் குறைச்சுத்தானே வாங்கினேன்?" அதையும் சோதிக்க வேண்டும். 280 என்பது பட்ஜெட் போட்டபோது வைத்த விலை. வாங்கிய வாரத்தில் அதே தரத்து நூல் சந்தையில் என்ன விலை? விசாரித்தால் 262.

அப்படியானால் 39,600-ஐ இரண்டாகப் பிரிக்கலாம். 280-இலிருந்து 262-க்கு இறங்கியது சந்தை: 18 × 3,300 = 59,400 சாதகம், இதற்கு யாரும் மாலை போட்டுக்கொள்ள முடியாது. 262-க்குக் கிடைப்பதை 268-க்கு வாங்கியது நம் ஆள்: 6 × 3,300 = 19,800 பாதகம். முதலாவதைத் திட்ட மாறுபாடு என்றும் இரண்டாவதைச் செயல் மாறுபாடு என்றும் சொல்வார்கள். சரக்கும் மட்டம், விலையும் அதிகம். தெரிந்த ஏஜென்ட் என்று விசாரிக்காமல் வாங்கிவிட்டார், அவ்வளவுதான்.

எதிர்ப் பக்கமும் நடக்கும். 2021, 2022 வாக்கில் நூல் விலை மாதாமாதம் ஏறியது. 2022 மே மாதம் திருப்பூரில் அதைக் கண்டித்து இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் நூல் வாங்கிய எல்லாருக்கும் விலை மாறுபாடு பாதகமாகத்தான் வந்திருக்கும், எவ்வளவு சாமர்த்தியமாக வாங்கியிருந்தாலும். பழைய ஸ்டாண்டர்டை வைத்துக்கொண்டு அவர்களைக் கேள்வி கேட்பதில் பொருளே இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஸ்டாண்டர்டு விலையை ஆர்டருக்கு ஆர்டர், காஸ்டிங் போட்ட தேதியின் விலையில் வைப்பது நல்லது.

பயன்பாடு சாதகமாக வந்தால்

பாதகத்தை எல்லாரும் துருவுவார்கள், சாதகத்தை யாரும் தொடமாட்டார்கள். எனக்குச் சாதகமான பயன்பாட்டு மாறுபாட்டைப் பார்த்தால்தான் கொஞ்சம் பயம். நூல் மிச்சமாயிற்று என்றால் முதல் கேள்வி, துணி எத்தனை ஜி.எஸ்.எம்.? 180-க்கு 172 வந்திருந்தால் 4.4% மிச்சமாகும். அனுமதிக்கு உள்ளே இருப்பதால் தரச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். ஆனால் பையர் துவைத்து அளந்து பார்க்கும்போது எல்லையைத் தாண்டினால், மிச்சப்படுத்திய நூலைவிட எத்தனையோ மடங்கு தள்ளுபடியாகப் போகும். இரண்டாவது கேள்வி, ஜாப் ஒர்க் யூனிட்டில் கிடக்கும் நூலையும் துணியையும் யார் எண்ணினார்கள்? அங்கே இருப்பைக் கூட்டிச் சொன்னால் பயன்படுத்தியது குறைந்தது போலத் தெரியும். இந்த மாதம் சாதகம், அடுத்த மாதம் அதே அளவுக்குப் பாதகம் என்று ஜோடியாக வந்தால் அது எண்ணிக்கைத் தப்பேதான்.

மார்க்கரை நன்றாகப் போட்டு உண்மையாகவே மிச்சப்படுத்தியதும் உண்டு. அதற்கு அடையாளம், ஜி.எஸ்.எம். சரியாக இருக்கும், கட்டிங் வேஸ்ட் மூட்டையின் எடை குறைந்திருக்கும். வேஸ்ட் வாங்குபவரின் சீட்டே சாட்சி. வேஸ்ட் குறையாமல் துணி மட்டும் மிச்சமானது என்றால் நம்பாதீர்கள்.

அறிக்கையில் எப்படி எழுதுவது

அந்த மாத அறிக்கையைத் திருத்தி எழுதியபோது துறை வாரியாகப் போடுவதை நிறுத்திவிட்டு, காரண வாரியாகப் போட்டேன். சந்தை இறங்கியது 59,400 சாதகம். சந்தையைவிட அதிகம் கொடுத்தது 19,800 பாதகம். 29-ம் நம்பர் நூலால் 37,240 பாதகம், அதன் கீழேயே சாயக் கூலி 8,820. அகலமும் மார்க்கரும் பொருந்தாதது 13,160 பாதகம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆதாரம்: லேப் ரிப்போர்ட், ஜி.எஸ்.எம். வெட்டிய வட்டங்கள் ஒட்டிய தாள், சலான் எண்கள். கட்டிங் மாஸ்டர் பெயருக்கு நேராக 50,400 இருந்த இடத்தில் இப்போது 13,160, அதிலும் பாதி காம்பாக்டிங்கோடு பகிர்ந்தது.

அதே ஏஜென்ட் அடுத்த மாதமும் வந்தார். அவர் நூலின் கணக்கு எங்களிடம் தயாராக இருந்தது: 3,000 கிலோ வேலைக்கு அவருடையது 3,133 கிலோ வேண்டும், கூடவே 8,820 ரூபாய் சாயக் கூலி. 8,40,000-இலிருந்து 8,820-ஐக் கழித்து 3,133-ஆல் வகுத்தால் 265 ரூபாய் 30 காசு. அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் 280 ரூபாய்க்கு நல்ல நூல் வாங்குவதைவிட நஷ்டம். சந்தையில் நல்ல நூலே 262-க்குக் கிடைக்கும்போது அந்தப் பேச்சும் தேவைப்படவில்லை. குடோனில் கிடந்த 120 கிலோவை மட்டும் 29 என்று கோனில் எழுதித் தனியாக வைத்தோம். அடுத்த ஆர்டரில் லூப் லென்த்தைக் கொஞ்சம் தளர்த்தி, சாம்பிள் துணியைத் துவைத்துச் சுருக்கம் பார்த்து, 180-க்குள் கொண்டுவந்து ஓட்டினார் நிட்டிங்காரர்.